குரலுக்கு முன்னால் போகும் கடிதம்

ஒலிநூல் வாசிக்க வாய்ப்புக் கேட்டு எழுதப்படும் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘என் குரல் இனிமையானது என்று எல்லோரும் சொல்வார்கள்.’ அதைப் படிக்கும் தயாரிப்பாளருக்கு அந்த வாக்கியத்தால் ஒரு பயனும் இல்லை. குரல் எப்படி என்பது கூடவே வந்திருக்கும் மாதிரிப் பதிவைத் திறந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. இந்தப் பதிவு எங்கே செய்யப்பட்டது? அதே இடத்தில் இன்னும் 8, 10 மணி நேரம் இதே தரத்தில் பதிவு செய்ய முடியுமா? புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எத்தனை நாளில் முடியும்? காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாத இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் கடிதத்தின் வேலை.

விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பவர் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் அரை மணியில் வேலையை முடித்துவிட்டு வந்துவிடலாம். அங்கே ஒலிப்பதிவாளர் இருப்பார். இரைச்சல், எதிரொலி எல்லாம் அவர் பாடு. ஒலிநூல் அப்படியில்லை. நடுத்தர அளவு நாவல் ஒன்றைப் பதிவு செய்யவே பல நாட்கள் மைக் முன்னால் உட்கார வேண்டும். அத்தனை நாளும் மணிக்கணக்கில் ஸ்டூடியோ வாடகை கொடுத்தால் புத்தகம் விற்ற காசு அதற்கே போய்விடும். அதனால் பல நிறுவனங்கள் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பக்கூடிய வாசிப்பாளர்களைத் தேடுகின்றன. அப்படித் தேடும்போது அவை தேடுவது ஒரே ஆளுக்குள் இரண்டு பேரை. ஒருவர் வாசிப்பவர், இன்னொருவர் ஒலிப்பதிவாளர். கடிதங்களில் முதலாமவர் நிறையப் பேசுகிறார். இரண்டாமவர் வாயே திறப்பதில்லை.

ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சி ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ஒரு பெண். பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். உள்ளூர் நாடகங்களில் நடித்திருக்கிறார். 240 பக்க நாவல் ஒன்றுக்கு வாசிப்பாளர் தேவை என்று ஒரு பதிப்பகம் அறிவிக்கிறது. அவர் முதலில் எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கிறது:

‘சிறு வயது முதலே வாசிப்பில் ஆர்வம் கொண்டவள். என்னிடம் உயர்தர மைக்கும் ஒலித்தடுப்பு செய்யப்பட்ட அறையும் உள்ளன. எல்லா வகைக் குரல்களிலும் பேசுவேன். பின்னணி இசையுடன் கூடிய என் மாதிரிப் பதிவை இணைத்திருக்கிறேன். ஒரு முறை வாய்ப்புத் தந்தால் உங்கள் நம்பிக்கையைக் காப்பாற்றுவேன்.’

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய கடிதம் இது. ‘உயர்தர மைக்’ என்றால் எது? ‘ஒலித்தடுப்பு’ என்றால் என்ன செய்திருக்கிறார்? தொழில் தெரிந்தவர் உடனே சந்தேகப்படும் சொல் இந்த இரண்டாவதுதான். வீட்டு அறையில் ஒலியைத் தடுப்பது மிகக் கடினம். வெளியிலிருந்து வரும் சத்தத்தை நிறுத்தக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். சுவரில் ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்சும் முட்டை அட்டையும் ஆட்டோ ஹாரனை நிறுத்தாது. அறைக்குள் எழும் எதிரொலியில் மேல் ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். அதை மட்டும் ஒட்டிய அறையில் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

ஆக அறையைப் பற்றி எழுதுமுன் அறையைச் சரிசெய்ய வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் வெற்றுச் சுவர், மொசைக் அல்லது டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. கைதட்டினால் ‘டங்’ என்று ஒரு வால் நீளும். இந்த வால் பதிவில் விழுந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. அதை அடக்கத் தடிமனும் மென்மையும் உள்ள பொருள் வேண்டும். அதற்கு இலவம்பஞ்சு மெத்தை அருமையான சாதனம். வாசிப்பவர் முதுகுக்குப் பின்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று நிறுத்தி, தரையில் ஜமுக்காளம் விரித்து, தலைக்கு மேல் ஒரு கம்பளியைக் கட்டினால் வால் பெருமளவு காணாமல் போகும். துணி நிறைந்த பெரிய அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பவர்களும் உண்டு. இதைக் கடிதத்தில் எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை. ‘மூன்று பக்கமும் மெத்தை நிறுத்திய சிறு அறை’ என்று படித்தால், இவருக்கு விஷயம் தெரியும் என்று தயாரிப்பாளர் புரிந்துகொள்வார்.

வெளிச் சத்தத்தைத் தடுக்க முடியாதவர்கள் அதற்குத் தப்பி வேலை செய்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் பகலில் கோயில் மணி, ரயில், தெருவில் காய்கறி வண்டி. மார்கழியிலோ விடியற்காலையும் உதவாது. ஒலிபெருக்கியில் திருப்பாவை வந்துவிடும். நம் விண்ணப்பதாரர் இரவு 10 முதல் 12 வரை பதிவு செய்கிறார். மின்விசிறியும் ஏசியும் அந்த நேரத்தில் அணைந்திருக்க வேண்டும் என்பதால் சித்திரை வைகாசியில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து வெளியே வந்தாக வேண்டும். ஃப்ரிட்ஜையும் அணைக்கிறார். அணைத்தால் திரும்பப் போட மறந்துவிடும் என்பதற்கு ஒலிப்பதிவுக்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள்: வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு அணைப்பது.

இனி எண்கள். பயப்பட வேண்டாம், மூன்றே மூன்று. ஆடிபிள் நிறுவனத்தின் ஏசிஎக்ஸ் என்ற தளம், தன்னிடம் ஒலிநூல் தருபவர்களுக்கு ஒரு அளவுகோலை வெளியிட்டிருக்கிறது. அந்தத் தளத்தில் சேராதவர்களும் இந்த அளவுகோலை வைத்துத் தங்கள் பதிவைச் சோதித்துக்கொள்ளலாம். கணினிப் பதிவில் ஒலியின் உச்ச வரம்பு பூஜ்யம். எல்லா அளவும் அதற்குக் கீழே, மைனஸில் எண்ணப்படும். வாசிப்பின் சராசரி வலு மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். மிக உரத்த இடமும் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது. யாரும் பேசாத இடத்தின் ‘மௌனம்’ மைனஸ் 60-க்குக் கீழே இருக்க வேண்டும். குரல் மைனஸ் 20, மௌனம் மைனஸ் 60 என்றால் இடையே 40 டெசிபல். அதாவது அலையின் அளவில் குரல் அந்த மௌனத்தைப்போல் 100 மடங்கு. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் `ACX Check` என்ற துணைநிரலைச் சேர்த்துக்கொண்டால் மூன்று எண்களையும் அதுவே காட்டிவிடும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நம் விண்ணப்பதாரர் முதலில் பதிவு செய்தபோது குரலின் சராசரி மைனஸ் 30 ஆக இருந்தது. மௌனம் மைனஸ் 66. ‘அறுபதுக்குக் கீழே இருக்கிறதே, தேறிவிட்டோம்’ என்று தோன்றும். ஆனால் மைனஸ் 30-இல் இருக்கும் குரல் கேட்பவருக்கு மிகச் சன்னமாக இருக்கும். அதை மைனஸ் 20-க்கு ஏற்றியாக வேண்டும். குரலை 10 டெசிபல் ஏற்றினால் அதோடு சேர்ந்து மௌனமும் 10 ஏறும். மைனஸ் 66 மைனஸ் 56 ஆகிவிடும். தேறியது தேறாமல் போயிற்று. எனவே கடிதத்தில் ‘என் அறையின் இரைச்சல் மைனஸ் 66’ என்று எழுதுவதில் பொருளில்லை. குரலை உரிய வலுவுக்குக் கொண்டுவந்த பிறகு மௌனம் எவ்வளவு என்பதுதான் பேச்சு.

இதற்கு எளிதான மருந்து போலத் தெரிவது மென்பொருளில் இருக்கும் இரைச்சல் நீக்கி. ஒரு பட்டனை அழுத்தினால் எண் மைனஸ் 75-க்குப் போய்விடும். ஆனால் காது ஏமாறாது. அளவுக்கு மீறி நீக்கினால் குரல் தண்ணீருக்கடியில் இருந்து வருவதுபோல் ஆகும். சொற்களின் கடைசி எழுத்து தேயும். ‘வந்தாள்’ என்பதில் ‘ள்’ பாதியிலேயே கரைந்துவிட்டால் கேட்பவர் ‘வந்தா’ என்று கேட்பார். இன்னொரு வகை வடிகட்டி, பேச்சு நின்றதும் ஒலியை முழுதாக மூடிவிடும். அப்போது வாக்கியங்களுக்கு நடுவே கிணற்றில் விழுந்த மாதிரி ஒரு வெறுமை. அடுத்த சொல் தொடங்கியதும் இரைச்சல் சேர்ந்தே எழும்பும். அனுபவமுள்ள தயாரிப்பாளர் மாதிரிப் பதிவில் முதலில் கேட்பது வாக்கியத்தை அல்ல; இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கும் இடத்தை.

விண்ணப்பதாரர் வேறு வழியில் போனார். மைக்கிலிருந்து இரண்டு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தவர் ஒரு சாணுக்கு நெருங்கினார். தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் வலுவாக விழும். அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். எந்தச் செலவும் இல்லாமல் 6 டெசிபல் லாபம். நெருங்கியதால் ‘ப’வும் ‘ம்ப’வும் மைக்கில் காற்றாக மோதும் அபாயம் வந்தது, அதற்கு மைக்கின் முன்னால் ஒரு துணி வடிகட்டி, மேலும் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்று ஓரமாகத் திருப்புதல். பிறகு மடிக்கணினியின் விசிறியை அடையாளம் கண்டு, நீளமான கேபிள் வாங்கி, கணினியை அறைக்கு வெளியே தள்ளினார். இப்போது குரல் மைனஸ் 24, மௌனம் மைனஸ் 68. குரலை 4 ஏற்றி மைனஸ் 20-க்குக் கொண்டுவந்தால் மௌனம் மைனஸ் 64. வடிகட்டியைத் தொடாமலே தேறிவிட்டது. கடிதத்தில் எழுத வேண்டிய எண் இது.

மைக்கின் பெயரை எழுதலாமா என்றால், எழுதலாம்; ஒரு வரி போதும். ரோட் என்டி1 போன்ற மைக்குகள் தன்னளவில் மிகக் குறைவாக இரைச்சல் எழுப்பும் என்பதால் ஒலிநூல்காரர்களிடம் பெயர் பெற்றவை. அதைக் கணினியோடு இணைக்க ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்ற சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். அதுதான் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தையும் கொடுக்கிறது. ஆனால் கருவிப் பட்டியலை ஒரு பக்கத்துக்கு நீட்டுபவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கலக்கம் வரும். விலை உயர்ந்த மைக் செய்வதெல்லாம் மோசமான அறையை இன்னும் துல்லியமாகப் பதிவு செய்வதுதான்.

அடுத்தது மாதிரிப் பதிவு. முதல் கடிதத்தில் அவர் பெருமையாகச் சொன்ன பின்னணி இசைதான் அதில் முதலில் போக வேண்டியது. விளம்பரக் கலைஞர்களின் மாதிரியில் ஐந்து விநாடிக்கு ஒரு துண்டு, கீழே இசை, படபடவென்று ஓடும். ஒலிநூலுக்கு அது உதவாது. இசை இரைச்சலை மறைக்கும் என்பது தயாரிப்பாளருக்கும் தெரியும். எதையோ மறைக்கிறார் என்றுதான் நினைப்பார். தவிர, ஐந்து விநாடியில் யாரும் அழகாகப் பேசலாம். இரண்டு நிமிடம் ஒரே பத்தியில் நின்று, கேட்பவரைக் கதைக்குள் வைத்திருக்க முடிகிறதா என்பதுதான் இங்கே சோதனை.

எனவே மூன்று தனித்தனிக் கோப்புகள். ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். எதை வாசிப்பது? இன்று விற்பனையில் இருக்கும் எழுத்தாளரின் பத்தியை அனுமதியில்லாமல் வாசித்து ஊரெல்லாம் அனுப்புவது சரியல்ல. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் முடிந்தால் படைப்பு பொதுச் சொத்து. உ.வே. சாமிநாதையர் 1942-இலும், புதுமைப்பித்தன் 1948-இலும், கல்கி 1954-இலும் மறைந்தவர்கள். இவர்கள் மூவரையும் தாராளமாக எடுக்கலாம். மொழிபெயர்ப்பு நூல்களில் மட்டும் கவனம் தேவை. மூல ஆசிரியர் நூறாண்டுக்கு முந்தியவராக இருந்தாலும் மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு.

நம் விண்ணப்பதாரரின் தேர்வு நல்ல தேர்வு. முதல் கோப்பு, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் இருவரும் பேசிக்கொள்ளும் ஒரு பகுதி. இரண்டாவது, ‘பொன்னியின் செல்வ’னிலிருந்து ஒரு வருணனை. மூன்றாவது, ‘என் சரித்திர’த்திலிருந்து ஒரு பத்தி. உரையாடல், கதை சொல்லல், தன் வரலாறு என்று மூன்றும் வெவ்வேறு நடை. விண்ணப்பிக்கும் நூல் உரையாடல் நிறைந்த நாவல் என்பதால் உரையாடல் கோப்பை முதலில் வைத்தார். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் முதல் கோப்பைத் தாண்டுவதா வேண்டாமா என்று அதன் முதல் அரை நிமிடத்தில் தீர்மானித்துவிடுவார்கள்.

‘எல்லா வகைக் குரல்களிலும் பேசுவேன்’ என்ற வாக்கியத்தையும் அவர் எடுத்துவிட்டார். மேடையில் பல குரல் செய்வது வேறு, ஒலிநூல் வேறு. பெண் வாசிப்பவர் ஆண் பாத்திரத்துக்காகத் தொண்டையை இறுக்கிக் கரகரத்தால் இரண்டு நிமிடம் வேடிக்கையாக இருக்கும். ஒன்பது மணி நேரம் கேட்பவருக்கும் தாங்காது, தொண்டைக்கும் தாங்காது. கந்தசாமிப் பிள்ளையையும் கடவுளையும் பிரித்துக் காட்டக் குரலை மாற்ற வேண்டியதில்லை. ஒருவர் வெடுக்கென்று பேசுவார், மற்றவர் நிதானமாகப் பேசுவார். ஒருவர் வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவார், மற்றவர் முடித்துவிட்டு நிறுத்துவார். வேகமும் நிறுத்தமும் மாறினாலே யார் பேசுவது என்று தெரிந்துவிடும்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழில் இருக்கும். உரையாடல் வட்டார வழக்கில் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது வாசிப்பவர் தடுமாறுவது கேட்கும். தஞ்சாவூர்க்காரர் கொங்கு வழக்கை வாசித்தால் கோவைக்காரருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எனவே கடிதத்தில் எந்த வழக்கு இயல்பாக வரும், எது வராது என்று சொல்லிவிடுவது நல்லது. திருச்சி, தஞ்சை வழக்கு தனக்கு இயல்பு, நெல்லை வழக்கு ஓரளவு வரும், ஈழத் தமிழ் வாசிக்க இயலாது என்று இவர் எழுதினார். இயலாததைச் சொன்னதால் வாய்ப்புப் போய்விடாது. தப்பான புத்தகம் தலையில் விழாமல் தப்பிக்கலாம்.

மாதிரியில் மிகப் பெரிய ஏமாற்று, அல்லது அறியாமை, வேறு ஒன்று. வாடகை ஸ்டூடியோவில் ஒரு மணி நேரம் எடுத்து, அங்கிருக்கும் ஒலிப்பதிவாளரிடம் மெருகேற்றி வாங்கிய பதிவை மாதிரியாக அனுப்பிவிட்டு, புத்தகத்தை வீட்டில் பதிவு செய்வது. முதல் அத்தியாயம் போனதும் ‘மாதிரியில் இருந்த குரல் எங்கே?’ என்று கேள்வி வரும். அதைத் தவிர்க்க ஒரே வரி போதும்: ‘இந்த மூன்று கோப்புகளும் நான் நூலைப் பதிவு செய்யப்போகும் அதே அறையில், அதே மைக்கில், இந்த மாதம் பதிவு செய்தவை.’ அதோடு நான்காவதாக ஒரு கோப்பையும் அவர் இணைத்தார். எதையும் வெட்டாத, ஒட்டாத 10 நிமிடப் பதிவு. அதில் ஒரு தடுமாற்றம் இருக்கிறது, ஒரு இருமல் இருக்கிறது, தடுமாறிய வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறார். இப்படி ஒன்றை அனுப்புபவர்கள் குறைவு. ஆனால் வெட்டி ஒட்டும் வேலை எவ்வளவு இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

காலக் கணக்கை அவர் இப்படிப் போட்டார். நாவலின் 4 பக்கத்தை நிதானமாக வாசித்துப் பார்த்ததில் 9 நிமிடம் ஆயிற்று. 240 பக்கத்துக்கு 540 நிமிடம், அதாவது 9 மணி நேர ஒலிநூல். ஒரு மணி நேரம் முடிந்த ஒலி கிடைக்க, தடுமாற்றம், தண்ணீர், மறுவாசிப்பு எல்லாம் சேர்த்து மைக் முன்னால் அவருக்கு 2 மணி நேரம் ஆகிறது. இரவுக்கு 2 மணி நேரம் என்றால் 9 இரவுகள். வெட்டிச் சீராக்க ஒவ்வொரு மணிக்கும் 3 மணி நேரம். ஆக 27 மணி. பிறகு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுதும் ஒரு முறை கேட்க 9 மணி. விட்டுப்போன வரிகளைத் திருப்பிப் பதிவு செய்ய இரண்டு மூன்று நாள். கரண்ட் போகும், பக்கத்துத் தெருவில் கல்யாணம் வரும், சளி பிடிக்கும். எல்லாம் சேர்த்து 24 நாள் என்று எழுதினார். ‘பத்தே நாளில் முடித்துத் தருகிறேன்’ என்று எழுதியிருந்தால் கணக்குத் தெரிந்த தயாரிப்பாளர் அங்கேயே கடிதத்தை மூடியிருப்பார்.

சம்பளமும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. உழைத்த மணிக்கு என்றில்லாமல், முடிந்து கையில் கிடைக்கும் ஒலியின் மணிக்கு இவ்வளவு என்று பேசுவது இந்தத் தொழிலின் வழக்கம். 9 மணி நேர நூலுக்கு 9 மணிக்குத்தான் பணம். பின்னால் இருக்கும் 54 மணி உழைப்பு அதற்குள் அடக்கம். தொகையைக் கேட்டிருந்தால் ஒழிய முதல் கடிதத்தில் எழுத வேண்டாம். ஆனால் வெட்டிச் சீராக்கும் வேலை தன்னுடையதா, நிறுவனத்துடையதா என்பதை மட்டும் தெளிவாக்கிவிட வேண்டும். பின்னால் வரும் மனத்தாங்கல்களில் பாதி இங்கேதான் முளைக்கும்.

திருத்திய கடிதம் இது:

‘பதிப்பகத்தாருக்கு வணக்கம்.

தாங்கள் அறிவித்துள்ள 240 பக்க நாவலை ஒலிநூலாக வாசிக்க விண்ணப்பிக்கிறேன். பள்ளித் தமிழாசிரியராகப் பணியாற்றியவள். மேடை நாடகங்களில் நடித்திருக்கிறேன். ஒலிநூல் இதற்கு முன் வாசித்ததில்லை.

வீட்டில், மூன்று பக்கமும் மெத்தை நிறுத்திய சிறு அறையில் இரவு 10 முதல் 12 வரை பதிவு செய்கிறேன். மைக் ரோட் என்டி1. இன்டர்ஃபேஸ் ஸ்கார்லெட் சோலோ. குரல் சராசரி மைனஸ் 20 டெசிபலில் இருக்கும்போது அறையின் மௌனம் மைனஸ் 64. இரைச்சல் நீக்கி பயன்படுத்தவில்லை.

மூன்று மாதிரிகளை இணைத்திருக்கிறேன்: இருவர் உரையாடல், வருணனை, தன் வரலாறு. நான்காவது கோப்பு எதுவும் வெட்டாத 10 நிமிடப் பதிவு. நான்கும் நூலைப் பதிவு செய்யப்போகும் அதே அறையில் இந்த மாதம் பதிவானவை.

திருச்சி, தஞ்சை வழக்கு எனக்கு இயல்பு. நெல்லை வழக்கு ஓரளவு வரும். ஈழத் தமிழ் உரையாடல் இருந்தால் என்னால் நியாயம் செய்ய இயலாது.

நூல் சுமார் 9 மணி நேரம் வரும் என்று கணக்கிடுகிறேன். வெட்டிச் சீராக்கி, சரிபார்த்து, பிரதி கையில் கிடைத்த நாளிலிருந்து 24 நாளில் தர முடியும். முதல் அத்தியாயத்தை முதலில் அனுப்பி, தங்கள் கருத்தைக் கேட்ட பிறகே மற்றதைத் தொடர்வேன்.

அன்புடன்.’

‘ஒலிநூல் இதற்கு முன் வாசித்ததில்லை’ என்ற வரியை எடுத்துவிடச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துவார்கள். இருக்கட்டும் என்பது என் கட்சி. அடுத்து வரும் பத்தியில் ஒரு புதியவர் இவ்வளவு கவனமாக அறையை அளந்திருக்கிறார் என்று தெரியும்போது அந்த வரி அவருக்குச் சாதகமாகத்தான் நிற்கிறது. கடைசி வாக்கியமும் சும்மா வந்ததல்ல. ஒன்பது மணி நேரத்தையும் முடித்த பிறகு ‘வேகம் அதிகம்’ என்று சொன்னால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். முதல் அத்தியாயத்திலேயே சொன்னால் ஒரு இரவோடு போயிற்று.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதிலும் கடிதத்தின் குணம் தெரியும். `final_new2.mp3` என்று வரும் கோப்பைப் பதிவிறக்கியவர் மறுநாள் அது யாருடையது என்று தேடிக்கொண்டிருப்பார். வாசிப்பவர் பெயர், வரிசை எண், நடை மூன்றும் கோப்பின் பெயரிலேயே இருந்தால் போதும். பதிவின் தொடக்கத்தில் ‘வணக்கம், என் பெயர்…’ என்று அரை நிமிடம் அறிமுகம் வேண்டாம். நேரே கதையில் இறங்கிவிடலாம்.

கடிதம் வேலை செய்தால் உடனே ஒப்பந்தம் வராது. நாவலிலிருந்தே இரண்டு மூன்று பக்கம் அனுப்பி வாசித்துக் காட்டச் சொல்வார்கள். வாசிக்கத் தொடங்குமுன் அதை ஒரு முறை மௌனமாகப் படித்து, சந்தேகமான சொற்களைப் பட்டியலிட்டுக் கேட்டுவிட வேண்டும். தமிழ் எழுத்து ஒலியின் வன்மை மென்மையைக் காட்டாது. ஊர்ப் பெயர், வடநாட்டுப் பெயர், வெளிநாட்டுப் பெயர் எல்லாம் பார்த்தவுடன் வாய்க்கு வந்தபடி வந்துவிடும். கதாநாயகியின் பெயரையே தப்பாக உச்சரித்து ஒன்பது மணி நேரம் வாசித்துவிட்டால் ஒவ்வோர் இடமாகத் தேடித் திருத்துவது சாத்தியமில்லாத வேலை. ‘1967’ என்பதைப் ‘பத்தொன்பது அறுபத்தேழு’ என்று வாசிப்பதா, ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு’ என்று வாசிப்பதா என்பதையும் இப்போதே கேட்டுவிடலாம். இப்படிக் கேட்டு எழுதுபவரைத் தொல்லை என்று எந்தத் தயாரிப்பாளரும் நினைக்கமாட்டார்.

வேலை தொடங்கிய பிறகு ஒரு இரவின் குரலும் அடுத்த இரவின் குரலும் ஒட்ட வேண்டும். அதற்கு நாற்காலியின் காலும் மைக்கின் காலும் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பாத்திரமும் பேசும் பத்து விநாடியைத் தனியே சேமித்து வைக்கிறார்கள். இருபதாவது அத்தியாயத்தில் திரும்பி வரும் பெரியப்பா முன்பு எப்படிப் பேசினார் என்பது நினைவில் நிற்காது. உட்கார்ந்ததும் முதல் வேலை நேற்றைய கடைசி ஐந்து நிமிடத்தைக் கேட்பது. பிறகு 30 விநாடி வாய் திறக்காமல் அறையின் மௌனத்தைப் பதிவு செய்து அளந்து பார்ப்பது. மைனஸ் 64 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 58 வந்தால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது எது என்று கண்டுபிடிக்காமல் வாசிக்கத் தொடங்கக் கூடாது.